வீல்சேர், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்: வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா? தேவைப்படும் காலத்தை வைத்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் சம்மரியில் "வீட்டில் ஆக்சிஜன், நிமிடத்துக்கு 2 லிட்டர்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு மாலைக்குள், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷினை வீட்டில் இறக்கியாக வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலேயே கடைக்காரர் இருப்பார். "மாசாமாசம் வாடகை கட்டுறதுக்கு ஒரேயடியா வாங்கிடுங்க சார், பத்து மாசத்துல காசு எடுத்துடலாம்" என்பார். கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் பத்து மாதம் அது தேவைப்படுமா என்பதை அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்டிருக்க மாட்டோம்.

விலையை மாத வாடகையால் வகுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு. தேவை எவ்வளவு காலம் நீடிக்கும், அதை டாக்டர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது ஒன்று. இப்போது எடுக்கிற இதே மாடல் அந்தக் காலம் முழுவதும் போதுமா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

படி 1: "எவ்வளவு நாள்" என்று கேட்காதீர்கள், மறுபரிசோதனைத் தேதியைக் கேளுங்கள்

"இது எவ்வளவு நாளைக்கு வேணும் டாக்டர்?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். அவர் மழுப்பவில்லை. நுரையீரல் தொற்றிலிருந்து மீள்கிறவருக்கு எத்தனை வாரத்தில் ஆக்சிஜன் அளவு தேறும் என்பதை அன்றைக்கு அவராலும் சொல்ல முடியாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "திரும்ப எப்போது பரிசோதிப்பீர்கள்? அன்றைக்கு அளவு எவ்வளவு இருந்தால் ஆக்சிஜனை நிறுத்தலாம்?" இதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

இப்படிக் கேட்பதற்கு மருத்துவக் காரணம் உண்டு. சிஓபிடி எனப்படும் நாட்பட்ட மூச்சடைப்பு நோயில் வீட்டு ஆக்சிஜன் ஆயுளை நீட்டுகிறது என்று காட்டிய இரண்டு பெரிய ஆய்வுகள் 1980, 1981-இல் வந்தவை. அவை எடுத்துக்கொண்டது, நோய் ஒரு நிலைக்கு வந்த பிறகும் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தவர்களை. இன்றைக்கும் அளவுகோல் ஏறக்குறைய அதுதான். உடல் ஒரு நிலைக்கு வந்தபின், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, சாதாரணக் காற்றில் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் நீண்டகால ஆக்சிஜன். அதுவும் நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று உடல் அந்த நிலைக்கு வந்திருக்காது. அதனால்தான் டிஸ்சார்ஜின்போது எழுதிய ஆக்சிஜனை 90 நாளுக்குள் மறுபடி சோதிக்க வேண்டும் என்று நுரையீரல் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தச் சோதனையில் ஆக்சிஜன் வேண்டாம் என்று ஆகிறவர்கள் கணிசமானவர்கள்.

ஆக, உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒரு தேதி, ஒரு எண். டிஸ்சார்ஜ் தாளின் ஓரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

வீல்சேருக்கும் இதே முறைதான். இடுப்பெலும்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆனவரின் டாக்டரிடம் "எப்போது காலை ஊன்றி முழு எடையையும் தாங்கலாம்?" என்று கேளுங்கள். பக்கவாதம் வந்தவருக்குப் பிசியோதெரபிஸ்டிடம் "மூன்றாவது மாதத்தில் எங்கே இருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பக்கவாதத்தில் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் நடந்துவிடும், ஆறு மாதம் வரை முன்னேற்றம் தெரியும் என்பதால் அந்தத் தேதிகளுக்கு அர்த்தம் உண்டு.

படி 2: உங்கள் தேவை எந்த வகை?

நோயின் பெயரைவிட அது எந்தத் திசையில் போகிறது என்பதுதான் இங்கே முக்கியம். நான் நான்காகப் பிரித்துக்கொள்வேன்.

முடிந்துவிடும் தேவை முதல் வகை. எலும்பு முறிவு, மூட்டு மாற்று ஆபரேஷன், வேறு நுரையீரல் நோய் இல்லாதவருக்கு வந்த நிமோனியா இதெல்லாம். வாடகைதான், யோசிக்க ஒன்றுமில்லை.

நிலைத்துவிட்ட தேவை இரண்டாவது. பல வருட சிஓபிடி, ஏற்கெனவே இரண்டு முறை சோதித்தும் அளவு ஏறவில்லை என்ற நிலை. அல்லது தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த நிலை. இவர்களுக்கு வாடகை வீண் செலவு. வீல்சேர் விஷயத்தில் ஆபத்தும்கூட, அதற்குப் பிறகு வருகிறேன்.

தெரியாத தேவை மூன்றாவது. இருக்கிற நோயின் மேல் புதிதாக ஒரு தொற்று; அல்லது பக்கவாதத்தின் முதல் மாதங்கள். பெரும்பாலான குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நான்காவது வகை, தேவை இருக்கும், ஆனால் மாறிக்கொண்டே இருக்கும். நுரையீரல் தழும்பு நோய் இதற்கு நல்ல உதாரணம். தொடக்கத்தில் 2 லிட்டர் போதும். நோய் வளர வளர 4, 6 என்று ஏறலாம். ஆசையாக வாங்கிய 5 லிட்டர் மெஷின் ஒரு கட்டத்தில் போதாமல் போய், 10 லிட்டர் மெஷினுக்கு ஓட வேண்டிவரும். இவருக்கு ஆக்சிஜன் ஆயுள் முழுக்கத் தேவை என்றாலும், இந்த மெஷின் ஆயுள் முழுக்கப் போதாது. கடந்த ஆறு மாதத்தில் லிட்டர் அளவு ஏறியிருந்தால் வாடகைக்கே போங்கள், கடையில் "10 லிட்டருக்கு மாற்றித் தருவீர்களா" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டப் புற்றுநோய்ப் பராமரிப்பும் இந்த வகைதான். அங்கேயும் வாடகை நல்லது. வீட்டில் துக்கம் நடந்த வாரத்தில் மெஷினை விற்க ஆள் தேடும் வேலை யாருக்கும் வேண்டாம்.

படி 3: கணக்கு, ஒரு வீட்டை வைத்து

திருச்சியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 68 வயது. பீடி பழக்கத்தால் வந்த சிஓபிடி ஏற்கெனவே உண்டு, ஆனால் இதுவரை வீட்டில் ஆக்சிஜன் வைத்ததில்லை. நிமோனியா வந்து பத்து நாள் ஆஸ்பத்திரி. இப்போது 2 லிட்டர், நாளுக்கு 16 மணி நேரம். மூன்று மாதத்தில் மறுபரிசோதனை. மூன்றாவது வகை.

கடையில் சொன்ன விலை: 5 லிட்டர் மெஷின் வாங்கினால் 42,000 ரூபாய். வாடகை மாதம் 4,500, திருப்பித் தரும் டெபாசிட் 10,000, கொண்டுவந்து எடுத்துப்போக இரண்டு தடவைக்கும் சேர்த்து 1,000. (இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஊருக்கும் பிராண்டுக்கும் தகுந்தபடி மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

எல்லோரும் போடும் கணக்கு: 42,000 ÷ 4,500 = 9 மாதம் சொச்சம். இதில் விடுபடுவது மறுவிற்பனை விலை. சில மாதம் ஓடிய மெஷின் ஏறத்தாழ பாதி விலைக்குப் போகும் என்று வைத்தால் 20,000 திரும்ப வரும். அப்போது சொந்த மெஷினின் உண்மைச் செலவு 22,000. ஐந்தாவது மாதத்திலேயே வாடகையும் அதுவும் சமமாகிவிடும். ஆனால் விற்குமா? அதுதான் சிக்கல். நாலு பேரிடம் சொல்லி வைத்து ஒரு வாரத்தில் விற்றவர்களும் உண்டு, பரணில் போட்டு இரண்டு வருடம் ஆனவர்களும் உண்டு.

ஆகவே மாதங்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், முடிவு தப்பாகப் போனால் எவ்வளவு இழப்போம் என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

வாங்கிவிட்டோம், மூன்று மாதத்தில் ஆக்சிஜன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக்கு எடுத்திருந்தால் 14,500-இல் முடிந்திருக்கும். விற்றுவிட்டால் செலவு 22,000, அதாவது 7,500 நஷ்டம். விற்காவிட்டால் 42,000 முழுக்கப் போனது, நஷ்டம் 27,500.

வாடகைக்கு எடுத்தோம், மூன்று மாதம் கழித்து "இனி எப்போதும் வேணும்" என்றார் டாக்டர். அப்போது வாங்கியாக வேண்டும். கட்டிய 14,500 கூடுதல் செலவு.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். "முதலில் வாடகை, பிறகு பார்க்கலாம்" என்பது எப்போதும் லாபமான வழி இல்லை. வாங்க ஆள் தயாராக இருந்து, டாக்டரும் "பெரும்பாலும் நிரந்தரம்தான்" என்று சாய்ந்து பேசினால், முதல் நாளே வாங்குவது சரி. டாக்டரால் சொல்ல முடியவில்லை, விற்பதும் நிச்சயமில்லை என்றால் வாடகை.

இதில் தராசை மாற்றக்கூடிய ஒரு பேச்சு உண்டு. "மூணு மாசத்துக்குள்ள உங்ககிட்டயே புது மெஷின் வாங்கினா, கட்டின வாடகையில எவ்வளவு கழிப்பீங்க?" என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள். இரண்டு மாத வாடகையைக் கழிக்க ஒத்துக்கொண்டால் 9,000 திரும்ப வருகிறது. வாடகைப் பக்க நஷ்டம் 14,500-இலிருந்து 5,500 ஆகக் குறைகிறது. அதன்பின் தயங்கவே வேண்டாம். எல்லாக் கடையும் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொண்டால் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நம் திருச்சி வீடு வாடகைக்கு எடுக்கிறது. மூன்றாம் மாதம் டாக்டர் ஆக்சிஜனைக் கழற்றி அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கிறார். 92 வந்து, நடந்து பார்த்தும் பெரிதாக இறங்கவில்லை என்றால் மெஷின் திரும்பப் போகும், கதை 14,500-இல் முடியும். 87 வந்தால், அதுவும் ஆறாவது வாரமே 87 இருந்தது என்றால், இனி அது ஏறும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அன்றே வாங்குங்கள். "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்று இழுத்து இழுத்து ஒன்றரை வருட வாடகை கட்டிய வீடுகள் நிறைய உண்டு.

வீட்டில் நீங்களாகவே கழற்றி ஆக்சிமீட்டரில் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். தூக்கத்தில் இறங்குவது பகலில் தெரியாது. அதேபோல, சிஓபிடி உள்ளவருக்கு "நல்லா இருக்கட்டும்" என்று லிட்டரைக் கூட்டவும் கூடாது. அவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் பொதுவாக இலக்கு வைப்பார்கள். அதிக ஆக்சிஜன் போனால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும்.

படி 4: கரன்ட் பில்லையும் சேர்த்துப் போடுங்கள்

வாடகையோ சொந்தமோ, மின்சாரச் செலவு நம்முடையதுதான். அப்படியிருக்க இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மெஷினுக்கு மெஷின் அது நிறைய வேறுபடும்.

5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 16 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 5.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 336 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் குறைந்த விலை அடுக்கு போய்விடும், 500-க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் விழும். ஏற்கெனவே 260 யூனிட் ஓடுகிற வீடு, மெஷின் வந்தபின் 600-ஐத் தொடும். 500 ரூபாய் சொச்சம் வந்துகொண்டிருந்த பில் 2,900 பக்கம் போகும். மாதத்துக்கு 1,200 ரூபாய் கூடுதல்.

இப்போது வாடகைக் கடையில் ஒரு பழைய மெஷினைக் காட்டி "இது 500 ரூபா கம்மி" என்கிறார் என்று வையுங்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் 550 வாட் என்று இருந்தால், 200 வாட் வித்தியாசம் மாதத்துக்கு 96 யூனிட். மேல் அடுக்கு விலையில் அது 800 ரூபாய்க்கு மேல். கம்மி வாடகையில் லாபம் இல்லை.

கரன்ட் போனால் என்ன என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கான்சென்ட்ரேட்டர் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கிறதே தவிர, சேர்த்து வைப்பதில்லை. கரன்ட் நின்ற அடுத்த நிமிடம் ஆக்சிஜனும் நின்றுவிடும். 150 ஆம்பியர் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர், வீட்டில் வேறு எதுவும் ஓடாமல் இருந்தால், மூன்று மணி நேரம் போல இழுக்கும். அது போதாத ஊரில் ஒரு பி டைப் சிலிண்டரை வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். 2 லிட்டர் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரும். மெஷின் சொந்தமாக இருந்தாலும் இந்தச் சிலிண்டரை வாங்க வேண்டாம், வாடகையே சரி. ரெகுலேட்டரை மட்டும் சொந்தமாக வாங்கி, எப்படித் திறப்பது என்று வீட்டில் இரண்டு பேராவது பழகிக்கொள்ளுங்கள்.

படி 5: மெஷின் வீட்டுக்கு வரும்போது, வாசலிலேயே

வாடகைக்கு வருவது ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியது. பழையதாக இருப்பதில் தப்பில்லை, ஆக்சிஜன் சரியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே ஜியோலைட் என்ற மணல் போன்ற பொருள் நைட்ரஜனைப் பிடித்துவைத்து ஆக்சிஜனை விடுகிறது. அந்த ஜியோலைட் ஈரம் பட்டுக் கெட்டுப்போனால், மெஷின் அதே சத்தத்தோடு ஓடும், குமிழியும் வரும், மிதவைக் குண்டும் 2-இல் நிற்கும். ஆனால் வருவது பாதிக்கு மேல் சாதாரணக் காற்றாக இருக்கும். வேகமானி காட்டுவது எவ்வளவு காற்று வருகிறது என்பதை மட்டும்தான்; அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது வேறு.

ஆகவே கொண்டுவருகிறவரிடம் ஆக்சிஜன் அனலைசர் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளங்கையளவுக் கருவிதான். மெஷினைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டியூபை அதில் செருகினால் சதவீதம் காட்டும். டாக்டர் எழுதிய 2 லிட்டரில் ஒரு தடவை, அப்புறம் முழு 5 லிட்டரில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. நல்ல மெஷின் இரண்டிலும் 90-ஐ ஒட்டியோ மேலேயோ காட்டும். 2-இல் 93 காட்டி 5-இல் 78-க்கு இறங்கினால் ஜியோலைட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு 2 லிட்டர் போதுமே என்று வாங்கி வைக்காதீர்கள், அது இறங்கிக்கொண்டேதான் போகும். திருப்பி அனுப்புங்கள்.

மணி மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும், அனலைசர் காட்டிய எண்களையும் செல்போனில் படம் எடுத்து, கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். டெபாசிட் திரும்பக் கேட்கும் நாளில் தகராறு வராது.

பேசி முடிக்க வேண்டியவை இன்னும் இரண்டுதான். ராத்திரி 11 மணிக்கு மெஷின் நின்றால் எத்தனை மணி நேரத்தில் மாற்று வரும்? மாத நடுவில் திருப்பினால் பாதி வாடகையா, முழு வாடகையா? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் தராத கடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாடகை என்பதில் பாதி இந்த மாற்று மெஷினுக்காகத்தான் கட்டுகிறோம்.

படி 6: வீல்சேருக்குக் கணக்கு வேறு

கான்சென்ட்ரேட்டரில் பணம்தான் பெரிய கேள்வி. வீல்சேரில் அப்படி இல்லை. சாதாரண மடக்கு வீல்சேர் 7,500 ரூபாய், வாடகை மாதம் 1,000 என்றால் ஏழெட்டு மாதத்தில் சமமாகும், தப்பு செய்தாலும் சில ஆயிரம்தான் போகும். இங்கே கேள்வி அளவு பற்றியது.

வாடகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே அளவுதான்: இருக்கை 18 அங்குலம். சக்கரமும் கைவளையமும் சேர்ந்து மொத்த அகலம் 25, 26 அங்குலம் வரும். இப்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பாத்ரூம் கதவுக்குப் போங்கள். நிலையிலிருந்து நிலைக்கு அளக்காதீர்கள். கதவைத் திறந்துவைத்து, கதவின் பலகைக்கும் எதிர் நிலைக்கும் நடுவே உள்ள இடத்தை அளங்கள். இரண்டரை அடி கதவு என்று சொல்வது அங்கே 27 அங்குலமாகிவிடும். இரண்டடிக் கதவு என்றால் 22. ஹாலில் ஜம்மென்று ஓடுகிற வண்டி பாத்ரூம் வாசலில் நிற்கும், பெரியவரைத் தூக்கித்தான் போக வேண்டும். முதுகு பிடித்துக்கொள்வது பராமரிக்கிறவருக்கு. அந்த வீட்டுக்குத் தேவை சின்னச் சக்கரம் வைத்த கமோடு வீல்சேராக இருக்கலாம்.

அதனால் என் வழி இது. மூன்று மாதத்துக்குள் முடிகிற தேவை என்றால் வாடகை. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. காலில் மாவுக்கட்டு என்றால் காலை நீட்டி வைக்கும் பலகை உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாததை எடுத்துவந்து முக்காலி போட்டு அல்லாடாதீர்கள்.

தேவை நீண்டது, ஆனால் எந்த வண்டி பொருந்தும் என்று தெரியவில்லை என்றால் ஒரே ஒரு மாதம் மட்டும் வாடகைக்கு எடுங்கள். எங்கே இடிக்கிறது, கட்டிலிலிருந்து பக்கவாட்டில் மாற கழற்றும் கைப்பிடி வேண்டுமா, காரில் ஏறுமா, வாசல் படிக்குச் சாய்வுப் பலகை எவ்வளவு நீளம் வேண்டும் என்பதெல்லாம் அந்த மாதத்தில் தெரிந்துவிடும். (சாய்வுக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது வழக்கமான அளவு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம். பல வீட்டில் அதற்கு இடமே இருக்காது.) அந்த ஆயிரம் ரூபாய் அளவெடுக்கும் கூலி. பிறகு அளந்து வாங்குங்கள்.

அளவு என்றால் மூன்று இடம். உட்கார்ந்திருக்கும்போது இடுப்பின் அகலத்தோடு இரண்டு பக்கமும் சேர்த்து 2 அங்குலம் கூட்டினால் இருக்கை அகலம். முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கை முனைக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி. பாதப்பலகையில் கால் வைத்தால் தொடை இருக்கையில் படிய வேண்டும்; முழங்கால் மேலே தூக்கி நின்றால் உடல் எடை முழுக்கப் பிட்டத்து எலும்பில் இறங்கும்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு நீண்டநாள் வாடகை வண்டி ஆபத்து என்று சொன்னது இதனால்தான். அவர்களுக்கு உணர்ச்சி இருக்காது, அழுத்துவது தெரியாது. பொருந்தாத இருக்கையில் சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து, புண்ணாகி, மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். வண்டி தயாராகும் வரை இடைக்கால வாடகை எடுத்தாலும், படுக்கைப்புண் தடுக்கும் குஷனை மட்டும் முதல் நாளே சொந்தமாக வாங்கிவிடுங்கள். மாலையில் கட்டிலுக்கு மாற்றும்போது பிட்டத்தைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த இருக்கை சரியில்லை.

பக்கவாதம் நடுவில் வரும். முதல் மூன்று மாதம் வாடகை. அதற்குள் பலர் வாக்கருக்கு மாறியிருப்பார்கள். வெளியே போக மட்டும் வண்டி தேவைப்படும். அதற்கு எடை குறைந்த, பின்னாலிருந்து தள்ளும் மாடல் போதும். அன்றைக்கு வாங்கினால் சரியானதை வாங்குவீர்கள்.

படி 7: வாங்குவதற்கு முன் இலவச வழி

நிரந்தரத் தேவை என்றால் வீல்சேருக்குக் காசு கொடுக்கும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனச் சான்றும் அடையாள அட்டையும் இருந்தால் மாநில அரசுத் திட்டத்திலோ, மத்திய அரசின் அடிப் திட்டத்திலோ வண்டி கிடைக்க வாய்ப்பு உண்டு. 60 வயது தாண்டிய, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. அதில் வீல்சேரும் உண்டு. முகாம் நடக்கும்வரை காத்திருக்க வேண்டிவரும் என்பதுதான் குறை. அந்த இடைவெளிக்கு வாடகை. பல ஊர்களில் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களும் அறக்கட்டளைகளும் டெபாசிட் மட்டும் வாங்கிக்கொண்டு வண்டி, கட்டில், சில இடங்களில் கான்சென்ட்ரேட்டர்கூடக் கொடுக்கிறார்கள். விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மருத்துவக் காப்பீட்டை நம்பி வாங்காதீர்கள். வீட்டில் பயன்படுத்தும் இதுபோன்ற கருவிகளைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. உங்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

படி 8: செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால்

செகண்ட் ஹேண்ட் வீல்சேர் வாங்கலாம். பிரேக் பிடிக்கிறதா, முன்சக்கரம் ஆடுகிறதா, மடக்கி விரித்தால் இரண்டு பக்கமும் தரையில் படுகிறதா என்று பார்த்தால் போதும்.

கான்சென்ட்ரேட்டரில் கவனம் வேண்டும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் கிடைத்ததையெல்லாம் ஜனங்கள் வாங்கினார்கள். அதில் "1 முதல் 7 லிட்டர்" என்று எழுதிய சின்னப் பெட்டி மெஷின்கள் நிறைய. 1 லிட்டரில் வைத்தால் 90 சதவீதம் வரும். 7-க்குத் திருப்பினால் 30, 40 சதவீதம்தான். சாதாரணக் காற்றிலேயே 21 இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான 5 லிட்டர் மெஷின் பெரும்பாலும் 14, 15 கிலோ எடை இருக்கும். கையில் தூக்கி ஆட்டக்கூடிய ஐந்தாறு கிலோ பெட்டியை வீட்டில் வைத்து நாள் முழுக்க 5 லிட்டர் தரும் என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

நல்ல மெஷினாகவே இருந்தாலும் பல மாதம் ஓடாமல் கிடந்தது என்றால் சந்தேகப்படுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரக் காற்றில் சும்மா கிடக்கும் மெஷினுக்குள் ஈரம் இறங்கி ஜியோலைட்டைக் கெடுத்துவிடும். அனலைசர் இல்லாமல் கைமாற்றாதீர்கள்.

இதே காரணத்துக்காக, உங்கள் வீட்டு மெஷின் இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே விற்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். "திரும்ப எப்பவாவது தேவைப்படும்" என்று பரணில் ஏற்றினால், தேவைப்படும் நாளில் அது ஓடும், ஆக்சிஜன் தராது. விற்கும் வரைக்கும் வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். ஈரமூட்டும் பாட்டிலைக் கழற்றி, வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து, காய்ந்த அறையில் மூடி வையுங்கள். மணி மீட்டர் படமும் அனலைசர் எண்ணும், வாங்கிய பில்லும் சேர்த்து அனுப்பினால் கேட்கிற விலைக்குப் பேச முடியும். மூக்குக் குழாய், பாட்டில் இரண்டையும் மட்டும் மெஷினோடு கொடுக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். வாங்குகிறவர் புதிதாக வாங்கிக்கொள்ளட்டும்.